வீடு முடிந்தது என்று சொல்வது யார்?

தோட்டங்களிலே புதிய வீடுகள் கட்டி முடிக்கப்படும்போது நாடா வெட்டப்படுகின்றது, பால் பொங்குகின்றது, பெயர்ப்பலகை திரை நீக்கப்படுகின்றது. அடுத்த நாள் பத்திரிகைகளிலே படமும் வெளிவருகின்றது. ஆனால் அந்த வீடு உண்மையில் முடிந்ததா, எந்தத் தேதியில் முடிந்தது, எந்தெந்தக் குறைகளோடு ஒப்படைக்கப்பட்டது, அக்குறைகளை எவர் எந்த நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பனவற்றைச் சொல்லும் தாள் ஒன்று உண்டு. அதற்கு வேலை நிறைவுச் சான்றிதழ் என்று பெயர். வீட்டிலே குடியேறும் தொழிலாளி அத்தாளைப் பெரும்பாலும் காண்பதில்லை. அவன் காணாத அத்தாளே அவன் கூரை ஒழுகும்போது ஒப்பந்தக்காரர் திரும்பி வருவாரா, வரமாட்டாரா என்பதைத் தீர்மானிக்கின்றது. ஆகவே இவ்வாரம் அதைப்பற்றியே எழுத முற்படுகின்றோம்.

மலையகத் தோட்டங்களில் இந்திய உதவியோடு 4,000 வீடுகள் கட்டும் திட்டம் இருந்தது. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இவற்றைத் தவிர அரசாங்கத் திட்டங்களும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மூலம் நடப்பனவும் உள. ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிலே தலைமுறைகளைக் கழித்த மக்களுக்குச் சிறிய காரியமன்று. அதனாலேயே அவ்வீடு ஒழுங்காக முடிந்ததா என்ற கேள்வியும் சிறிய கேள்வியன்று. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலே அக்கேள்விக்குக் கனம் இன்னும் கூடுதல். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, பலாங்கொடை, இறக்குவானை ஆகிய பகுதிகளிலே வீட்டு நிலம் என்பது பெரும்பாலும் சரிவை வெட்டிச் சமப்படுத்திய நிலம். மழையோ மிகப் பெரிது.

முதலில் இச்சான்றிதழ் எது, எது அன்று என்பதைத் தெளிவாக்குவோம். பிரதேச சபை வழங்கும் இணக்கச் சான்றிதழ் வேறு. கட்டடம் அங்கீகரித்த வரைபடத்துக்கும் சட்டவிதிகளுக்கும் அமைந்துள்ளது என்பதே அதன் பொருள். விழாவிலே பயனாளிக்குக் கொடுக்கப்படும் அலங்காரப் பத்திரமும் வேறு. நாம் பேசுவது ஒப்பந்தத்தின் கீழ்ப் பொறியியலாளர் ஒப்பந்தக்காரருக்கு வழங்கும் சான்றிதழை. நம் நாட்டில் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, முன்னர் இக்டாட் என்று அறியப்பட்ட நிறுவனம், வெளியிட்ட ஒப்பந்தப் படிவங்கள் இதற்குக் கையேற்புச் சான்றிதழ் என்ற பெயரை வழங்குகின்றன. ஆலோசகப் பொறியியலாளர்களின் பன்னாட்டுச் சம்மேளனம் 1999 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பந்த நிபந்தனைகளிலும் இதே ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கின்படி வேலை முடியும் தறுவாயில், அதற்கு 14 நாள்களுக்கு முன்னரேயன்றி இன்னும் முந்தாமல், ஒப்பந்தக்காரர் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிடைத்து 28 நாள்களுக்குள் பொறியியலாளர் இரண்டிலொன்றைச் செய்ய வேண்டும்: வேலை முடிந்த தேதியைக் குறித்துச் சான்றிதழ் வழங்க வேண்டும், அல்லது காரணத்தையும், இன்னும் செய்யவேண்டிய வேலையையும் எழுதி மறுக்க வேண்டும். வேலை கணிசமாக முடிந்திருந்தும் அவர் இரண்டும் செய்யாது வாளாவிருந்தால், 28 ஆம் நாள் சான்றிதழ் வழங்கப்பட்டதாகவே கருதப்படும். மௌனமும் ஒரு கையொப்பம் ஆகின்றது என்பதை அதிகாரிகள் மறந்துவிடக் கூடாது.

இனிச் சான்றிதழின் நான்கு அங்கங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, செய்யப்பட்ட வேலை. "இருபது வீடுகள் பூர்த்தியாயின" என்று ஒரே வரியில் எழுதுவது சான்றிதழ் ஆகாது. எந்த ஒப்பந்த இலக்கம், எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, வீட்டு இலக்கங்கள் எவை, எந்த வரைபடத்தின்படி, எந்த வேலைகள் உள்ளடங்கின, எவை விலக்கப்பட்டன என்பன அதில் இருக்க வேண்டும். தோட்ட வீடுகளில் ஏமாற்றம் பெரும்பாலும் சுவருக்குள்ளே இருப்பதில்லை. சுவருக்கு வெளியே இருக்கின்றது. வீட்டுக்குப் பின்புறம் மண்ணைத் தாங்கும் சுவர், மேட்டு நீரைத் திருப்பிவிடும் மேற்கான், முற்றத்து நீரை ஓடைவரை கொண்டுசெல்லும் வடிகால், ஏறியிறங்கும் படிக்கட்டு, குடிநீர்க் குழாய், மலக்குழி ஆகியன வேறொரு ஒப்பந்தத்திலோ வேறொரு திணைக்களத்தின் பொறுப்பிலோ விடப்படலாம். அப்போது வீட்டு ஒப்பந்தக்காரர் தமது வேலையை நேர்மையாகவே முடித்துச் சான்றிதழைப் பெற்றுக்கொள்வார். வீடு முடிந்திருக்கும், மலை முடிந்திராது.

இது கற்பனைப் பயமன்று. 2016 மே 17 ஆம் தேதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலே சாமசர மலை சரிந்த அதே நாளில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயத்து மக்கள் உயிரோடு புதைந்தனர். அதற்கு முன் 2003 மே மாதத்திலும், பின் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பெருஞ்சேதமடைந்தது. மூன்றும் மே மாதம் என்பதை வாசகர் கவனிக்க. சரிவு நிலத்திலே கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை பெறப்படுகின்றது. அப்பரிந்துரையிலே வடிகால் இன்னது, வெட்டிய சரிவின் உயரம் இவ்வளவு, தாங்குசுவர் இவ்விடத்தில் என்று நிபந்தனைகள் விதிக்கப்படலாம். அந்நிபந்தனைகள் நிறைவேறினவா என்பது சான்றிதழிலே ஒரு வரியாகவேனும் வர வேண்டும். நிறைவேறாத வடிகாலைச் "சிறு மீதி வேலை" என்று பட்டியலின் கடைசியில் எழுதிக் கையொப்பமிடுவதை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். வீட்டைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த எது இன்றியமையாததோ அது சிறு வேலையாகாது.

இரண்டாவது அங்கம் தேதி. சான்றிதழில் மூன்று தேதிகள் வருகின்றன: விண்ணப்பித்த தேதி, வேலை முடிந்த தேதி, சான்றிதழ் எழுதிய தேதி. இவற்றுள் நடுவே உள்ளதே அச்சாணி. தாமதத்துக்கான நட்டஈடு அத்தேதியில் நிற்கின்றது. கட்டடத்தைக் காக்கும் பொறுப்பு அத்தேதியில் கைமாறுகின்றது. நிறுத்திவைத்த பணத்தில் பாதி விடுவிக்கப்படுகின்றது. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் அன்றே ஓடத் தொடங்குகின்றது.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கேகாலை மாவட்டத் தோட்டமொன்றில் 20 வீடுகளுக்கு 4 கோடி ரூபா ஒப்பந்தம் எனக் கொள்வோம். முடிக்க வேண்டிய நாள் நவம்பர் 30. தாமதத்துக்கு நாளொன்றுக்கு ஒப்பந்தத் தொகையில் நூற்றுக்கு 0.05, அதாவது 20,000 ரூபா, கழிக்கலாம் என்று நிபந்தனை. ஒப்பந்தக்காரர் ஜனவரி 10 இல் விண்ணப்பிக்கின்றார். பொறியியலாளர் 25 இல் வந்து பார்க்கின்றார். குடியிருக்கத் தக்கதாக வேலை முடிந்தது ஜனவரி 20 என்று காண்கின்றார். தாமதம் 51 நாள். கழிக்க வேண்டியது 10 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. எவருடைய முகத்துக்காகவோ அத்தேதியை டிசம்பர் 31 என்று எழுதினால் தாமதம் 31 நாளாகக் குறைகின்றது. 4 இலட்சம் ரூபா பொதுப்பணம் ஒரு பேனாக் கோட்டில் மறைகின்றது. அது மாத்திரமன்று, பொறுப்புக் காலத்தின் முதல் 20 நாள்களும் வீடு முடியுமுன்பே தின்னப்பட்டுவிடுகின்றன. தேதியை முன்தள்ளுவது இரு பக்கமும் வெட்டும் வாள்.

நிறுத்திவைத்த பணத்தையும் இதே உதாரணத்திலே பார்க்கலாம். ஒவ்வொரு இடைக்காலக் கொடுப்பனவிலும் ஒரு பங்கைப் பிடித்து, ஒப்பந்தத் தொகையின் நூற்றுக்கு 5 வரை சேர்த்து வைப்பது வழக்கம். 4 கோடிக்கு அது 20 இலட்சம். சான்றிதழ் வந்ததும் 10 இலட்சம் விடுவிக்கப்படும். மீதி 10 இலட்சம் பொறுப்புக் காலம் முடியும்வரை வேலைகொடுப்போர் கையில் இருக்கும். வீடொன்றுக்குப் பிரித்தால் 50,000 ரூபா. ஒப்பந்தக்காரரை மீண்டும் தோட்டத்துப் பாதையில் ஏறிவரச் செய்யும் கயிறு பெரும்பாலும் அந்த 50,000 ரூபாதான். அது போன பிறகு கெஞ்சிப் பயனில்லை.

இங்கேதான் தோட்டங்களுக்கே உரிய ஒரு கேடு நுழைகின்றது. ஜனவரி 20 இல் முடிந்த வீடுகளைத் திறந்துவைக்கப் பிரமுகர்களுக்கு நாள் கிடைப்பதில்லை. தண்ணீர் இணைப்பு வரவில்லை, மின்சாரம் வரவில்லை, பயனாளிப் பட்டியலில் தகராறு. சாவி கைக்கு வருவது ஆகஸ்ட் 5 இல் என்று வைப்போம். இடையே கழிந்தவை 197 நாள். பொறுப்புக் காலம் 365 நாளாயின் எஞ்சுவது 168 நாளே. மேயிலும் ஜூனிலும் தென்மேல் பருவமழை உச்சமாகப் பெய்தபோது வீடுகள் பூட்டிக் கிடந்தன. எந்த ஓடு நழுவியது, எந்தச் சுவரடியில் ஈரம் ஏறியது, எந்தக் கானிலே நீர் தேங்கி நின்றது என்பதைப் பார்க்க ஒரு கண்ணும் அங்கே இருக்கவில்லை. அடுத்த மே மாதம் குடியிருப்போர் கூரையை அண்ணாந்து பார்க்கும்போது பொறுப்புக் காலம் நான்கு மாதங்களுக்கு முன்னரே முடிந்திருக்கும்.

இதற்குப் பரிகாரமாகத் தேதியைப் பின்தள்ளி எழுதச் சொல்வது நியாயமாகாது. திறப்பு விழாத் தாமதம் ஒப்பந்தக்காரரின் குற்றமன்று. அவர் தமது வேலையை முடித்த நாள் முடித்த நாளே. பரிகாரம் இரண்டு இடங்களில் உள்ளது. ஒன்று, வேலை முடிந்தவுடன் சாவியைக் கொடுப்பது. விழாவைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, கேள்விப்பத்திரம் கோரும்போதே சப்ரகமுவாவுக்குரிய பொறுப்புக் காலத்தை நிர்ணயிப்பது. 365 நாள் என்பது வேதவாக்கன்று; ஒப்பந்தத் தரவுகளிலே நிரப்பும் ஓர் எண்ணே அது. குடியேறிய பின் ஒரு முழுத் தென்மேல் பருவமழை கழியும்வரை என்று நோக்கினால் 18 மாதம் தேவைப்படலாம். அதற்கேற்ப ஒப்பந்தக்காரர் தம் விலையைச் சிறிது கூட்டுவார் என்பது உண்மையே. ஆனால் மண்சரிவு நிலத்திலே வாழும் மக்களுக்காக அந்தச் சிறு செலவை ஏற்பது வீண்செலவாகாது.

மூன்றாவது அங்கம் குறைகள். சான்றிதழோடு இணைக்கப்படும் பட்டியலிலே வீட்டு இலக்கம், அறை, குறை, திருத்த வேண்டிய நாள் ஆகிய நான்கும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். "பூச்சு வேலை திருத்தப்படல் வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அதை எவரும் எவரிடமும் கேட்க முடியாது. "12 ஆம் இலக்க வீடு, பின்னறை, மேற்குச் சுவர், யன்னலுக்குக் கீழே பூச்சு உட்குழிந்து ஒலிக்கின்றது, பெப்ரவரி 15 இன் முன்" என்று எழுதினால் கேட்க முடியும்.

குறைகளைக் காணப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். பூச்சுச் சுவரை ஒரு நாணயத்தாலோ மரக்கட்டையாலோ தட்டிப் பார்க்க. பிடிப்பில்லாத இடம் பானை போல் ஒலிக்கும். மலசலகூடத் தரையிலே ஒரு வாளி நீரை ஊற்றுக; அது துளையை நோக்கி ஓடாமல் மூலையில் நின்றால் சரிவு பிழை. சுவரின் அடியிலிருந்து ஈரம் மேலேறினால் அத்திவாரத்தின் மேல் இடவேண்டிய ஈரத்தடுப்புப் படையிலே ஐயம் கொள்ளலாம். மேலிருந்து கீழிறங்கினால் கூரையையும் கூரை சுவரோடு சேருமிடத்தையும் பார்க்க வேண்டும். முற்றத்து மண்ணைச் சுவரோடு உயர்த்திக் கொட்டியிருந்தாலும் அடியிலே ஈரம் ஏறும். அதற்கு ஒப்பந்தக்காரரைக் குறைசொல்வதற்கு முன் மண்ணைக் கொட்டியவர் யார் என்று கேட்க வேண்டும்.

வெடிப்புகளிலே வேறுபாடு அறிதல் மிக அவசியம். பூச்சிலே வலைபோல் விரியும் மயிரிழை வெடிப்பு பெரும்பாலும் சீமெந்து காயும்போது உண்டாவது. அது கண்ணுக்கு அசிங்கமேயன்றி உயிருக்கு ஆபத்தன்று. யன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிபோல் ஏறும் வெடிப்பு அத்திவாரம் ஒரு பக்கம் தாழ்வதைக் குறிக்கக்கூடும். வெட்டிய மண்ணிலே பாதியும் நிரப்பிய மண்ணிலே பாதியுமாக நிற்கும் தோட்ட வீடுகளில் இதுவே அஞ்சத் தக்கது. அத்தகைய வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலாற் கோடிட்டுத் தேதியை எழுதி வைக்க வேண்டும். இரண்டு மாதத்தில் அது கோட்டைத் தாண்டினால் சுவர் இன்னும் நகர்கின்றது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதைச் சீமெந்து பூசி மறைக்க வருவோரை அனுமதிக்காமல் பொறியியலாளரை அழைத்துக் காட்ட வேண்டும். பின்புறச் சரிவிலே புதிய பிளவோ, சாய்ந்த மரமோ, திடீரென்று கலங்கிய ஊற்றோ கண்டால் அது குறைப்பட்டியலுக்கு உரிய விடயமன்று. வீட்டைவிட்டு வெளியேறிக் கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் உடனே அறிவிக்க வேண்டும்.

நான்காவது அங்கம் பொறுப்புக் காலம். இதன் பொருளைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர். அக்காலத்தில் வீட்டிலே ஏற்படும் எல்லாச் சேதத்துக்கும் ஒப்பந்தக்காரர் பொறுப்பாளி என்பது அதன் பொருளன்று. ஒப்பந்தத்துக்கு மாறான பொருளாலோ வேலைப்பாட்டாலோ தோன்றிய குறையை அவர் தம் செலவிலே திருத்த வேண்டும். மீதமாக எழுதப்பட்ட வேலையையும் முடிக்க வேண்டும். குடியிருப்போர் பின்சரிவை வெட்டிக் குசினி நீட்டியதனாலே சுவர் சாய்ந்தால் அது அவர் தலையில் விழாது. கதவுப் பூட்டு பாவனையிலே தேய்ந்ததும் அவ்வாறே. எனவே பொறுப்புக் காலம் முடியும்வரை பின்சரிவிலே மண்வெட்டி வைக்க வேண்டாம் என்று குடியிருப்போரை நாம் கேட்டுக்கொள்கின்றோம்.

வாய்மொழி முறைப்பாடு இங்கே செல்லாது. வேலைகொடுப்போர், அல்லது அவர் சார்பிலே வேறொருவர், குறையை எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தும் ஒப்பந்தக்காரர் வராவிடின், நியாயமான ஒரு நாளைக் குறித்து மறுபடி அறிவித்து, அந்நாளும் கடந்தால் வேறு மேசனைக் கொண்டு திருத்திச் செலவை அவர் கணக்கிலே வைக்கலாம். நிறுத்திவைத்த பணம் அதற்கென்றே இருக்கின்றது. வீட்டைப் பயன்படுத்த முடியாத அளவுக்குக் குறை பெரிதாயின் காலத்தை நீடிக்கவும் இடமுண்டு. மேலே சொன்ன 1999 நிபந்தனைகள் அந்நீடிப்புக்கு இரண்டாண்டு எல்லை இடுகின்றன. எல்லாம் முடிந்த பின்னரே கடமை நிறைவுச் சான்றிதழ் என்ற இறுதித் தாள் வழங்கப்பட வேண்டும். நடைமுறையிலோ, 365 ஆம் நாள் நாட்காட்டியைப் பார்த்துப் பணத்தை விடுவித்துவிடும் அலுவலகங்கள் உண்டு. தோட்டத்துக்கு ஏறிப் பார்க்காமல் பணம் விடுவிப்பதை விதி கட்டாயப்படுத்தவில்லை.

காலம் முடிந்த பின் வெளிப்படும் மறைந்த குறைக்கு என்ன வழி? கம்பி குறைத்து வார்த்த கொங்கிறீற்றும் ஆழம் குறைத்து வெட்டிய அத்திவாரமும் ஓராண்டிலே தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. பொறுப்புக் காலம் முடிவதோடு ஒப்பந்தக் கடமை மீறலுக்கான வழக்குரிமை செத்துவிடுவதில்லை. எழுத்திலான ஒப்பந்தத்தை மீறியதற்கு 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம் ஆறு ஆண்டு அவகாசம் தருகின்றது. ஆனால் அவ்வழக்கை ஒப்பந்தத்தின் வழியாகத் தொடரக்கூடியவர் வேலைகொடுப்போரே, குடியிருக்கும் தொழிலாளியல்லர்.

இதுவே நாம் சுட்டிக்காட்ட விரும்பும் மூலக் குறைபாடு. ஒப்பந்தம் இரண்டு பேருக்கிடையே நடக்கின்றது: ஒரு புறம் அதிகாரசபையோ நிதியமோ கூட்டுத்தாபனமோ, மறுபுறம் ஒப்பந்தக்காரர். சுவரோடு வாழப்போகும் குடும்பம் மூன்றாம் ஆள். குறையைக் காண்பவர் ஒருவர்; அறிவிக்கும் உரிமை உடையவர் மற்றொருவர்; பணத்தைப் பிடித்துவைத்திருப்பவரும் அம்மற்றவரே. கண்டவர் சொல், உரிமை உடையவர் மேசையைச் சென்றடைய ஒழுங்கான பாதை இல்லையேல் பொறுப்புக் காலம் தாளிலே மட்டும் ஓடிக் கழியும்.

அப்பாதையை அமைக்க மூன்று காரியங்களை நாம் கோருகின்றோம். கூட்டுப் பரிசோதனை நடைபெறும் நாளிலே, வீட்டைப் பெறப்போகும் குடும்பத்திலிருந்து ஒருவர் உடனிருந்து குறைப்பட்டியலிலே தம் வீட்டுக்குரிய வரிகளின் கீழ் ஒப்பமிட வேண்டும். சாவியோடு சான்றிதழின் பிரதியும் தமிழிலே கொடுக்கப்பட வேண்டும். பொறுப்புக் காலம் முடியும் தேதியும், முறைப்பாட்டை அனுப்ப வேண்டிய பதவியின் முகவரியும் அதில் எழுதப்பட வேண்டும். மீதிப் பணம் விடுவிக்கப்படுவதற்கு 28 நாள்களுக்கு முன் மறுபரிசோதனை நடந்து, குடியிருப்போர் அதற்கு அழைக்கப்பட வேண்டும். இவை மூன்றுக்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. கேள்விப்பத்திரத்தில் மூன்று வாசகங்கள் போதும்.

தமிழிலே கேட்பது சலுகை கேட்பதாகாது. சப்ரகமுவாவிலே நிர்வாக மொழி சிங்களமாயினும், அரச அலுவலரோடு தமிழிலே தொடர்புகொள்ளவும் மறுமொழி பெறவும், பார்வையிட உரிமையுள்ள ஆவணத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைப் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை இடமளிக்கின்றது. பிரதியைத் தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. சம்பந்தப்பட்ட அரச நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால் அவர் 14 வேலைநாள்களுக்குள் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பத்திலே "வீட்டுத்திட்டம் பற்றிய விபரம்" என்று கேட்டால் விளம்பரப் புத்தகம் வரக்கூடும். தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் குறித்து, கையேற்புச் சான்றிதழ், அதன் குறைப்பட்டியல், பொறுப்புக் காலம் முடியும் தேதி, நிறுத்திவைத்த பணத்தில் விடுவிக்கப்பட்ட தொகை ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இவ்விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்கக் கூடியவர்கள் நம் வாசகர்களுள் நிறைய இருக்கின்றனர். எட்டியாந்தோட்டையிலும் பலாங்கொடையிலும் உள்ள ஆசிரியர்கள், சட்டத்தரணிகள், தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் ஒரு பிற்பகலைச் செலவிட்டால் ஒரு பிரிவின் எல்லா வீடுகளுக்கும் குறைப்பட்டியல் தயாராகிவிடும். இறப்பர்ப் புகைக்கூடமோ களஞ்சியமோ கட்டுவிக்கும் விவசாய அன்பர்களுக்கும் இதே முறை பொருந்தும். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் வேலை, தேதி, குறை, பொறுப்புக் காலம் ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுக. வாய்ப்பேச்சிலே முடித்த ஒப்பந்தத்துக்குச் சட்டம் தரும் அவகாசம் மூன்றாண்டே. எழுதிய ஒப்பந்தத்துக்கு அது இருமடங்கு.

அதிகாரிகளிடம் நாம் இறுதியாகக் கேட்பது ஒன்று. பொறுப்புக் காலம் இன்னும் முடியாத தோட்ட வீடுகள் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் எவையோ, அவற்றின் பெயர்ப் பட்டியலை முடிவுத் தேதியோடு ஒவ்வொரு தோட்டக் காரியாலய வாயிலிலும் தமிழிலே ஒட்டுக. அத்தேதிக்கு முன் வரும் பெருமழை நாளொன்றிலே பொறியியலாளர் குடையோடு மேலே ஏறி வருக. வெயிற்காலத்தில் இட்ட கையொப்பம் சரியா என்பதை அன்று அவருக்கு அந்த மழையே காட்டும்.